மக்கும் என்றால், எங்கே மக்கும்?

ராமேஸ்வரத்திலிருந்து கீழக்கரை வரை கருவாடும் கருப்பட்டியும் விற்கிற சிறு நிறுவனங்கள் இப்போது பழுப்புத் தாள் பைக்கு மாறிவிட்டன. பையின் முகப்பிலும், கைப்பேசியில் போடும் படத்தின் அடியிலும் ஒரே வாசகம்தான்: ‘100% சூழல் நட்புப் பை. முழுவதும் மக்கும். கடலைக் காப்போம்.’ இதில் ‘கடலைக் காப்போம்’ ஆசை. அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் விற்பனைக்காகச் சொல்லப்படும் கூற்றுகள். அவற்றில் ‘மக்கும்’ நல்ல சொல், அரைகுறையாகப் பயன்படுகிறது. ‘சூழல் நட்பு’ சொல்லே அல்ல.

மக்குதல் என்றால் ஒரு பொருள் தன் உருவம் இழந்து, மண்ணோடு மண்ணாகி உரமாவது. ‘மட்கு’ என்றும் எழுதுவார்கள். தொழு உரம் பற்றிய வேளாண் நூல்களில் ‘மட்கிய’ என்றே இருக்கும். ஊராட்சித் தொட்டிகளில் ‘மக்கும் குப்பை’, ‘மக்காத குப்பை’ என்று எழுதிய பிறகு ‘மக்கு’ நிலைத்துவிட்டது. எனக்கு இரண்டும் சம்மதம்.

சண்டை ‘சூழல் நட்பு’ மேல்தான். இது ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தமிழ்த் தோல் போர்த்தி நிறுத்தி வைத்தது. தமிழில் நட்பு இருவருக்கு இடையே நிகழ்வது. பை எப்படிக் கடலுக்கு நண்பனாகும்? பொருத்தமாகச் சொல்கிறோம் என்று ‘சூழலுக்கு உகந்த’ என்பவர்களும் இருக்கிறார்கள். இலக்கணப்படி இது பரவாயில்லை. ‘பூசைக்கு உகந்த பூ’ என்கிறோமே. ஆனால் பூசைக்கு எது உகந்தது என்று சொல்ல மரபு இருக்கிறது. பைக்கு? விற்பவரே உகந்தது என்கிறார், விற்பவரே மகிழ்ந்துகொள்கிறார். ‘பசுமை’ இன்னும் மோசம். பச்சை மை தீர்ந்தால் கூற்றும் தீர்ந்துவிடும். இந்த மூன்றையும் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வணிகருக்கு இவை பிடிப்பதற்கும் எனக்குப் பிடிக்காததற்கும் அதுவே காரணம். ஆங்கில வாசகத்தை எழுதி முடித்த பிறகு தமிழைக் கடைசி நிமிடத்தில் ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், மூலமே வெறும் காற்று என்பதைக் கவனிப்பதில்லை. காற்றை அப்படியே காற்றாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள்.

இது என் தனிப்பட்ட முணுமுணுப்பு மட்டும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன: பசுமை, சூழல் நட்பு, இயற்கை போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. கூற்று முழுப் பொருளுக்கா, அதன் ஒரு பகுதிக்கா, பொதியலுக்கு மட்டுமா என்றும் குறிப்பிட வேண்டும்.

இனி ‘முழுவதும் மக்கும்’. கருவாட்டில் உப்பு இருக்கிறது; உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும். வெறும் தாளில் கட்டினால் ஓரிரு நாளில் தாள் நைந்து வாடையும் கசியும். ஆகவே தாளுக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருந்தே தீரும். பையை ஓரமாகக் கிழித்து ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் தாள் கூழாக உரிந்து வரும், விரலில் கண்ணாடி போன்ற ஒரு தோல் மிஞ்சும். அதில் தாள் நார் ஒன்றும் ஒட்டாமல் தேய்த்துக் கழுவி, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் குமிழி இல்லாமல் அமுக்கி விடுங்கள். மேலே மிதந்தால் அது பெரும்பாலும் பாலித்தீன்; தண்ணீரைவிட லேசானது. மக்கவே மக்காது. மூழ்கினால் மக்கும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அந்த வகையைச் சேர்ந்த பாலிலாக்டிக் அமிலப் படலம் மூழ்கும். ஆனால் நைலானும் மூழ்கும். மிதப்பது பொய்யைக் காட்டிக்கொடுக்கும், மூழ்குவது உண்மையை மெய்ப்பிக்காது. அதற்குச் சான்றுதான் வேண்டும்.

சான்று எதைச் சொல்கிறது? இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக்குக்கான தரநிலை ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. விற்பதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் பெற வேண்டும். அந்தத் தரநிலையின் சோதனை, சுமார் 58 பாகை செல்சியஸ் வெப்பம் காக்கப்படும் உரக் குவியலில் நடப்பது. 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. 180 நாளுக்குள் அதன் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். பெரிய உரக்கூடத்துக்கு இது சரி. கொல்லைப்புறக் குழியில் அந்தச் சூடு நிலைத்து நிற்பதில்லை. மன்னார் வளைகுடாத் தண்ணீரில் அந்தச் சூடு நினைத்தும் பார்க்க முடியாதது. ஆகவே, இந்தச் சான்று வைத்திருப்பவர் ‘கடலில் மக்கும்’ என்று சொன்னால் அது சான்றில் இல்லாத வேறொரு கூற்று. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ‘உயிரிச் சிதைவுறும்’ என்று அச்சிட்ட பை ஒன்று மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டு கிடந்த பின்னும் சாமான் தாங்கியது.

அந்த ‘உயிரிச் சிதைவுறும்’ என்பதுதான் ‘மக்கும்’ என்பதற்குப் போட்டியாக நிற்கும் ஆக்கம். நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன என்ற பொருளில் அறிவியல் நூலில் அது இருக்கட்டும். பைமேல் வேண்டாம். ‘சிதை’ என்பது துண்டு துண்டாவதோடு நின்றுவிடுகிறது. துண்டுகள் என்னவாயின என்று சொல்வதில்லை. பாம்பன் கரையில் யாரைக் கேட்டாலும் இந்த வேறுபாட்டைச் சொல்வார்கள். வெயிலில் கிடந்த நைலான் கயிற்றைக் கையில் எடுத்தால் மாவு மாவாக உதிரும். அதை ‘இற்றுப்போய்விட்டது’ என்பார்கள், ‘மக்கிவிட்டது’ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மாவு மணலில் கலந்து மீன் வயிற்றுக்குப் போகிறதே தவிர, மண்ணாவதில்லை. பனை ஓலைக் கொட்டான் மக்கும். அதன் வாயை நைலான் நூலால் தைத்திருந்தால் அந்த நூல் இறும். தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கும்போது, இரண்டையும் ‘சிதைவு’ என்ற ஒரே சாக்கில் கட்டுவானேன்?

என்னைக் கேட்டால், உரக்கூடத்தில் மக்குவதற்கு ‘உரமாக மக்கும்’ என்று எழுதலாம். சும்மா துண்டாவதற்கு ‘இறும்’ அல்லது ‘உதிரும்’. எதை எழுதினாலும் எந்தப் பகுதி, எங்கே, எத்தனை நாளில் என்ற மூன்றும் கூடவே வர வேண்டும். 2024 மார்ச்சில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு விதிகளும் உயிரிச் சிதைவுறும் பிளாஸ்டிக்கில் நாள் எண்ணிக்கையையும் சிதையும் இடத்தையும் அச்சிடச் சொல்கின்றன.

அந்தக் கருவாட்டுப் பைக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தால் இப்படி இருக்கும்: ‘வெளியே பழுப்புத் தாள். உள்ளே மக்கும் பிளாஸ்டிக் படலம், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரம், சான்று எண் கீழே. உரக்கூடத்தில் மட்டும் 180 நாளுக்குள் உரமாக மக்கும். வீட்டுக் குழியிலும் கடலிலும் மக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. வாயில் உள்ள ஜிப் பிளாஸ்டிக். மக்காது, வெட்டித் தனியே போடவும்.’

இவ்வளவு நீளம் யார் படிப்பார்கள் என்று கேட்கிறார்கள். சான்றின் நகலையும் சோதனை விவரத்தையும் கியூஆர் கட்டத்துக்குள் வைக்கலாம், ஆணையமே அதற்கு இடம் தருகிறது. ‘உரக்கூடத்தில் மட்டும்’ என்ற இரண்டு சொல்லும் ஜிப் பற்றிய வரியும் முகப்பிலேயே, ‘மக்கும்’ என்ற சொல்லின் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும்.