‘டியர் கஸ்டமர்’ என்று தொடங்கும் மின்னஞ்சலை ஏன் சந்தேகிக்க வேண்டும்

காரைக்குடியில் தணிக்கையாளராக இருக்கும் எனக்கு, வரிக் கணக்கோடு சேர்ந்து வந்துவிட்ட இன்னொரு வேலை, எங்களிடம் கணக்குக் கொடுப்பவர்கள் கொண்டுவரும் மின்னஞ்சல்களைப் படித்துப் பார்த்து, அவை உண்மையா இல்லையா என்று சொல்வது. செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் பலருக்கு வைப்புநிதி வட்டிதான் மாத வருமானம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கிக் கொடுத்ததும் அவர்களாகவே இருக்கும். கணக்கு முடக்கப்படும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அதைப் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. எதிர்பாராமல் வந்த மின்னஞ்சல் எதுவானாலும், விஷயத்துக்குள் போவதற்கு முன் அது உங்களை எப்படி விளித்திருக்கிறது என்று பாருங்கள் என்றுதான் அவர்களிடம் முதலில் சொல்வேன்.

பள்ளத்தூரிலிருந்து வரும் ஆச்சி ஒருவர், தம் கைப்பேசிக்கு வந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். ‘டியர் கஸ்டமர்’ என்று தொடங்கிய அது, அவருடைய கேஒய்சி விவரங்கள் காலாவதியாகிவிட்டன, 24 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று சொல்லி, கீழே ஒரு பொத்தானை வைத்திருந்தது. வங்கியின் சின்னமும் வண்ணமும் அச்சு அசலாக இருந்தன. “பேங்க்ல இருந்துதானே வந்திருக்கு தம்பி, பேரு மேலயே போட்டிருக்கு” என்றார். மேலே போட்டிருந்தது வங்கியின் பெயர். ஆச்சியின் பெயர் அந்த மின்னஞ்சலில் எங்குமே இல்லை.

அவருடைய பெயரும் பிறந்த தேதியும் பான் எண்ணும் கணக்கு எண்ணும் அந்த வங்கியிடம் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட கணக்கின் ஆவணங்கள் காலாவதியானதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், வங்கியின் கணினி முதலில் அந்தக் கணக்கின் பதிவைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பதிவிலேயே பெயர் இருக்கிறது. அப்படியிருக்க, ஆவணம் காலாவதியானது மட்டும் தெரிந்து, அது யாருடைய ஆவணம் என்று தெரியாமல் ஒரு வங்கி எழுதுவதற்கு வாய்ப்பில்லை. அதே அஞ்சல்பெட்டியில் முந்தைய மாதம் வந்திருந்த உண்மையான கணக்கு அறிக்கையைத் தேடி எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினேன். உண்மையானதில் ஆச்சியின் முழுப்பெயர் இருந்தது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மற்றவை மறைக்கப்பட்டிருந்தன. இணைத்திருந்த அறிக்கையைத் திறக்க அவருக்கும் வங்கிக்கும் தெரிந்த விவரங்களைக் கோத்த கடவுச்சொல் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் மெய்யப்பன், சிதம்பரம், வள்ளியம்மை என்ற பெயர்கள் ஊருக்குப் பலருக்கு இருப்பதால், விலாசம் எனப்படும் முன்னெழுத்துகளையும் சேர்த்து எழுதினால்தான் கடிதம் உரிய வீட்டுக்குப் போகும். வங்கி பெயரோடு நான்கு இலக்கங்களைச் சேர்த்துக் காட்டுவதும் ஏறக்குறைய அந்தக் காரணத்துக்காகத்தான்.

மோசடி செய்பவர் ஏன் பெயரைப் போடுவதில்லை என்பதற்கு விடை, அவர் கையில் என்ன இருக்கிறது என்பதில் உள்ளது. பெரும்பாலும் அவரிடம் இருப்பது, எங்கெங்கோ கசிந்து கைமாறிய மின்னஞ்சல் முகவரிகளின் நீண்ட பட்டியல் மட்டுமே. அந்த முகவரிக்கு உரியவர் யார், எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார், கணக்கு வைத்திருக்கிறாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே பலரும் கணக்கு வைத்திருக்கக்கூடிய பெரிய வங்கி ஒன்றின் பெயரைத் தேர்ந்தெடுத்து, யாருக்கும் பொருந்தும் ஒரே கடிதத்தைப் பட்டியல் முழுவதற்கும் அனுப்பிவிடுகிறார். அந்த வங்கியில் கணக்கு இல்லாதவர்கள் பேசாமல் கடந்துபோவார்கள். இருப்பவர்களில் ஒரு சிலர் பதறினால் அவருக்கு அது போதும். ஆச்சி புறப்பட்ட பிறகு எங்கள் அலுவலகத்தின் குப்பை அஞ்சல் பகுதியைப் பார்த்தபோது, அதே மின்னஞ்சல், அதே ‘டியர் கஸ்டமர்’ விளிப்போடு எங்களுக்கும் வந்திருந்தது. அந்த வங்கியில் எங்கள் அலுவலகத்துக்குக் கணக்கே கிடையாது.

சில சமயம் மென்பொருளே ஒரு பெயரை உண்டாக்கிப் போடுவதும் உண்டு. முகவரியில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை எடுத்து, ‘டியர் valli.kkdi1956’ என்று விளித்திருப்பார்கள். பார்ப்பதற்குத் தனிப்பட்ட கடிதம்போல் இருந்தாலும், அனுப்பியவருக்கு முகவரியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதை இது இன்னும் தெளிவாகவே காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பொய் எளிதாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், கேஒய்சி புதுப்பித்தல் என்பது உண்மையிலேயே இருப்பதுதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அபாயம் அதிகம் என்று வகைப்படுத்தப்பட்ட வாடிக்கையாளருக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறையும், நடுத்தர வகைக்கு 8 ஆண்டுக்கு ஒரு முறையும், குறைந்த வகைக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறையும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். ஆச்சியைப் போன்றவர்கள் பெரும்பாலும் கடைசி வகையில்தான் வருவார்கள். பத்தாண்டுக் கணக்கில் நடக்கும் ஒரு வேலைக்கு 24 மணி நேரக் கெடு வைத்திருப்பதே பொருத்தமில்லாதது. விவரங்களில் மாற்றம் ஏதும் இல்லையென்றால், வங்கியில் பதிவு செய்த மின்னஞ்சல், கைப்பேசி எண் போன்ற வழிகளில் ஓர் உறுதிமொழி கொடுத்தாலே போதும். அதற்கு யாரும் உங்கள் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்க வேண்டியதில்லை.

விளிப்பைக் கண்டு சந்தேகம் வந்த பிறகு அடுத்து பார்க்க வேண்டியது, பொத்தானுக்குப் பின்னால் உள்ள முகவரி. கைப்பேசியில் பொத்தானைத் தட்டாமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது தெரியும். கை தவறித் தட்டிவிடுவோமோ என்ற அச்சம் இருப்பவர்கள் இதைக் கணினியில், சுட்டியை அதன்மேல் வைத்துப் பார்ப்பதே நல்லது. ஆச்சிக்கு வந்தது ஏறக்குறைய இந்த அமைப்பில் இருந்தது:

```
https://vangi.bank.in.kyc-update.example/login
```

இதை இடமிருந்து வலமாகப் படிப்பவருக்கு வங்கியின் பெயர்தான் முதலில் கண்ணில் படும். மோசடி செய்பவர் நம்புவதும் அதைத்தான். ஆனால் தளம் யாருடையது என்பதை அறிய, https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் இந்தத் தளம் kyc-update.example என்பவருடையது, அதற்கு முன்னால் உள்ள vangi.bank.in, அவர் தம் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொண்ட வெறும் எழுத்துகள். இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை .bank.in என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. எனவே .bank.in என்பது சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் இருக்கிறதா, அல்லது நடுவில் செருகப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும்.

பொத்தானை அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஆச்சி கேட்டார். வங்கியின் உள்நுழைவுப் பக்கத்தைப் போன்ற ஒன்று திறந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். நீங்கள் அங்கே தட்டச்சு செய்வதை அந்தப் பக்கம் மறுமுனையில் உள்ளவருக்குக் கொண்டுசேர்க்க, அவர் அதே நேரத்தில் உண்மையான வங்கித் தளத்தில் அதை இட்டு உங்கள் கணக்குக்குள் நுழைவார். பணத்தை மாற்ற ஓடிபி தேவைப்படும்போது, உண்மையான வங்கியிலிருந்தே உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி வரும். போலிப் பக்கமும் அதே நேரத்தில் ‘சரிபார்ப்பு எண்ணை இடுக’ என்று கேட்கும். வங்கியின் குறுஞ்செய்தியில் அந்த ஓடிபி எதற்கானது, புதிய பயனாளியைச் சேர்க்கவா, பணம் அனுப்பவா என்று எழுதியிருக்கும். ஆனால் பதற்றத்தில் இருப்பவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாசகத்தைப் படிப்பதில்லை.

விளிப்பைப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கிகளும் பொதுவான அறிவிப்புகளை, உதாரணமாகப் பராமரிப்புக்காகச் சேவை சில மணி நேரம் நிறுத்தப்படும் என்பதை, ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று எல்லோருக்கும் ஒன்றாக அனுப்புவதுண்டு. வேறுபாடு எங்கே என்றால், அந்த அறிவிப்பு எல்லோருக்கும் உரிய செய்தியைச் சொல்கிறது, உங்களிடம் எதையும் கேட்பதில்லை. உங்கள் கணக்கில் மட்டும் ஒரு குறை இருப்பதாகச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரை மட்டும் சொல்லாமல் விடும் கடிதம்தான் முன்னுக்குப் பின் முரணானது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. பெயர் இருந்துவிட்டால் மின்னஞ்சல் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒருவருக்கு, அவருடைய பெயர், நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் சரியாகக் குறிப்பிட்டு, அபராதம் கட்டச் சொல்லி ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் அரசுத் தளத்திலேயே யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது அதிகாரத்துக்குச் சான்றாகாது. பெயர் இல்லாதது சந்தேகிக்கப் போதுமான காரணம். பெயர் இருப்பது நம்பப் போதுமான காரணம் அல்ல.

ஆச்சியிடம் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவோ அதில் உள்ள எண்ணை அழைக்கவோ வேண்டாம் என்று சொல்லி, பாஸ்புக்கில் அச்சிட்டிருந்த கிளையின் எண்ணை அழைத்தோம். கேஒய்சி நிலுவை எதுவும் இல்லை என்று கிளையில் உறுதிப்படுத்தினார்கள். மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன், அதை incident@cert-in.org.in என்ற முகவரிக்கு, இணைய அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அனுப்பலாம்.

ஏற்கெனவே கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டவர்கள் எங்கள் அலுவலகம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவித்து, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். வெட்கத்தால் ஒரு நாள் தள்ளிப்போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் ஏற்பட்ட இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே வங்கியிடம் புகார் செய்த நேரத்தையும், அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணையும் கையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.