அக்யூட் என்றால் ‘கடுமையான’ என்று பொருள் இல்லை

"கடுமையான நச்சுத்தன்மைச் சோதனையில் எலிகளுக்கு லேசான சோர்வு மட்டுமே காணப்பட்டது."

ஒரு புதிய மருந்தைப் பற்றிய ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தில் போன வாரம் படித்த வரி இது. கடுமையான நச்சு எப்படி லேசான சோர்வோடு நின்றுபோகும்? மூலத்தில் இருந்த சொல் அக்யூட் டாக்ஸிசிட்டி. அதைக் ‘கடுமையான நச்சுத்தன்மை’ என்றும் ‘தீவிர நச்சுத்தன்மை’ என்றும் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

அக்யூட் என்பதற்கு இலத்தீனில் ‘கூரிய’ என்று பொருள். மருத்துவத்துக்கு வந்தபோது அது சட்டென்று தொடங்கிச் சீக்கிரம் முடிவதைக் குறித்தது. அதற்கு எதிராக நெடுநாள் நீடிப்பதைக் குறிக்கும் குரோனிக், காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டாக்ஸிக் என்பதற்கு மூலம் அம்பில் தடவும் நஞ்சு. வேர்க்கதை இவ்வளவு போதும்.

மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முன் விலங்குகளில் செய்யும் சோதனைகளை இந்தச் சொற்கள் காலத்தை வைத்துத்தான் பிரிக்கின்றன. அக்யூட் சோதனையில் பட்டினி போட்ட எலிக்குக் குழாய் வழியாக ஒரே ஒரு முறை மருந்து இறங்கும். முதல் சில மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். பிறகு 14 நாள் தினமும் பார்த்து, எடை குறித்து, கடைசியில் அறுத்து உறுப்புகளைப் பார்ப்பார்கள். கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் ஒரு எலிகூடச் சாகவில்லை என்றாலும் அதற்குப் பெயர் அக்யூட் சோதனைதான். சோதனையின் பெயர் முடிவைச் சொல்வதில்லை.

அக்யூட்டுக்கும் குரோனிக்குக்கும் இடைப்பட்ட சப்அக்யூட் சோதனையில் வழக்கமாக 28 நாள் தினமும் மருந்து கொடுக்கிறார்கள். மருந்தே பெறாத குழுவோடு ஒப்பிட்டு இரத்தத்தைச் சோதித்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் எடைபோட்டு, திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். குரோனிக் சோதனை எலிகளில் 6 மாதம், நாய் போன்ற விலங்குகளில் 9 மாதம் என்று நீளும். ஒரு மருந்தை மனிதருக்கு எத்தனை நாள் கொடுக்கலாம் என்பதே விலங்குக்கு எத்தனை நாள் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் பெயரில் காலம் தெரிந்தே ஆகவேண்டும்.

‘கடுமை’ என்று எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஃபியாலுரிடின் கதையைச் சொல்வேன். கல்லீரல் அழற்சி பி வகைக்கான மருந்து அது. 1993-இல் அமெரிக்காவில் 15 நோயாளிகளுக்குத் தினமும் கொடுத்தார்கள். அதற்கு முன் நோயாளிகளுக்கு 4 வாரம் வரை கொடுத்துப் பார்த்தபோது பெரிய சிக்கல் தெரியவில்லை. இந்த முறை இரண்டு மாதத்துக்கு மேல் போனதும் 7 பேருக்குக் கல்லீரல் பழுதானது, 5 பேர் இறந்தார்கள். முன்பு செய்த விலங்குச் சோதனைகளில் இது பிடிபடவில்லை. பிற்பாடு வுட்சக் என்னும் கொறிவிலங்குக்குச் சுமார் 12 வாரம் கொடுத்தபோதுதான் அதே கல்லீரல் கேடு தெரிந்தது. இதைவிடக் கடுமையான நச்சு உண்டா? ஆனால் அது அக்யூட் நச்சு அல்ல. ‘கடுமையான நச்சுத்தன்மை இல்லை’ என்ற வரியைத் தமிழில் படிப்பவர் மருந்து பாதுகாப்பானது என்றுதான் நினைப்பார். மூலம் சொல்வதோ, ஒரு முறை கொடுத்தால் ஆபத்தில்லை என்பது மட்டும்தான்.

சரி, வேறென்ன சொல் வைப்பது? சிலர் ‘உடனடி நச்சு’ என்கிறார்கள். ‘கடுமை’யைவிட நூறு மடங்கு மேல். ஆனால் ஐந்தாம் நாள் சாகும் எலியும் இந்தக் கணக்கில் வரும், அதை உடனடி என்று சொல்ல வாய் வரவில்லை. ‘ஒருவேளை நச்சு’ என்றும் யோசித்துப் பார்த்தேன். அது ‘நச்சாக இருக்கலாம்’ என்று ஒலிக்கிறது. ‘குறுங்கால நச்சுச் சோதனை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குரோனிக்குக்கு ‘நாள்பட்ட’ என்பது நோய்க்குப் பொருந்தும். நச்சுக்கு முன் போட்டால் ரொம்ப நாள் கிடந்து பழசாகிப்போன நச்சு போலத் தோன்றுகிறது. ‘நெடுங்கால’ என்றால் குழப்பமில்லை.

சப்அக்யூட்டைத்தான் அதிகம் படுத்துகிறார்கள். ‘மிதமான நச்சு’, ‘துணைக்கடும் நச்சு’ என்றெல்லாம் பார்த்துவிட்டேன். அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். சோதனை எப்படி நடக்கிறது என்று பத்து நிமிடம் படித்திருந்தால், அங்கே மிதமும் இல்லை, துணையும் இல்லை, நாள் கணக்குதான் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். இதற்குத் தனிச்சொல்லே தேவையில்லை. ‘28 நாள் தொடர் நச்சுச் சோதனை’ என்று எழுதுங்கள்.