லோ கார்ப், லோ ஃபேட்: இந்த ‘லோ’ எவ்வளவு?

உடம்பில் சேர்ந்த கொழுப்பைக் கரைக்க நினைப்பவர் முன்னால் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். லோ கார்ப் என்பது மாவுச்சத்தைக் குறைத்து உண்பது, லோ ஃபேட் என்பது கொழுப்பைக் குறைத்து உண்பது. பொருள் இவ்வளவுதான். ஆனால் கார்ப், ஃபேட், லோ என்ற மூன்று சொற்களையும் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் தொடங்குகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

கார்ப் என்பது கார்போஹைட்ரேட்டின் சுருக்கம். கரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லும் நீர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அது. 1844-இல் கார்ல் ஷ்மிட் என்ற வேதியியலாளர் இந்தப் பெயரை ஜெர்மன் வடிவத்தில் வைத்தார். நாம் காப்பியில் போடும் சர்க்கரையின் வாய்பாடு C12H22O11. இதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருப்பது போலவே இரண்டுக்கு ஒன்றாக இருக்கின்றன. எனவே கரியும் நீரும் சேர்ந்த பொருள் என்று பெயரிட்டார்கள். உண்மையில் கரியோடு நீர் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பது பின்னால் தெளிவானாலும் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதை மாவுச்சத்து என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் காபோவைதரேற்று என்று எழுதுகிறார்கள். மாவுச்சத்து அழகான சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மாவு என்றதும் அரிசியும் கோதுமையும் நினைவுக்கு வருகின்றன, சர்க்கரை வருவதில்லை. அரிசியில் இருக்கும் மாவும் சர்க்கரையும் வெல்லமும் பழச்சாற்றின் இனிப்பும் கார்போஹைட்ரேட் என்ற ஒரே குடும்பம். மதியச் சோற்றை நிறுத்திவிட்டு மாலையில் ஒரு பெரிய தம்ளர் ஆரஞ்சுச் சாறும், நாட்டுச் சர்க்கரை போட்ட இரண்டு டீயும் குடிப்பவர் தான் லோ கார்பில் இருப்பதாக மனதார நம்புவது இதனால்தான்.

ஃபேட் என்றால் கொழுப்பு. கொழு என்ற வினையிலிருந்து வந்தது. தழைத்தல், பருத்தல் இரண்டும் அதில் உண்டு. சங்கப் பாடலில் வரும் கொழுங்குறை என்பது கொழுத்த இறைச்சித் துண்டு. பழந்தமிழில் உடம்பிலுள்ள கொழுப்புக்கு நிணம் என்ற தனிச்சொல் இருந்தது. உண்ணும் கொழுப்புக்கு நெய் இருந்தது. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று இரண்டையும் கொழுப்பு என்றே சொல்வதால், தின்ற கொழுப்பு அப்படியே வயிற்றில் படிகிறது என்ற எண்ணம் தானாக எழுகிறது. உடம்பின் கணக்கு அப்படியில்லை. செலவழிப்பதைவிடக் கூடுதலாக உள்ளே போனால் நிணம் சேரும், குறைவாகப் போனால் கரையும். உணவுக் கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது, மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. இரண்டில் எதைக் குறைத்தாலும் மொத்தம் குறையும்.

இனி ‘லோ’. எல்லோரும் ஏற்ற ஒரே அளவு இதற்குக் கிடையாது. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து போனால் லோ கார்ப் என்பது பரவலான வழக்கு; அதன் மிகக் கடுமையான வடிவமான கீட்டோவைக் கடைப்பிடிப்பவர்கள் 20 முதல் 50 கிராமுக்குள் நிற்கிறார்கள். மொத்தக் கலோரியில் 30 சதவீதத்துக்குக் கீழே கொழுப்பு இருந்தால் லோ ஃபேட் என்பார்கள். கடையில் பாக்கெட் மீது அச்சாகியிருக்கும் லோ ஃபேட் வேறு விஷயம். திடப்பொருளில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக்கூடாது என்பதே அதன் விதி. அந்தப் பாக்கெட்டில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அது சொல்லாது.

இரண்டில் எது அதிகம் கரைக்கும்? இதற்கு நல்ல விடை தந்த ஆய்வு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையில் நடந்த டயட்ஃபிட்ஸ். 2018-இல் வெளியானது. 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். லோ ஃபேட் குழு சராசரியாக 5.3 கிலோவும் லோ கார்ப் குழு 6 கிலோவும் இழந்தன. அந்த இடைவெளியைப் பொருட்படுத்த முடியாது. மரபணு வகையோ இன்சுலின் சுரக்கும் அளவோ யாருக்கு எது பொருந்தும் என்று காட்டும் என எதிர்பார்த்தார்கள், அதுவும் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒருவருக்கொருவர் வித்தியாசம் மிகப் பெரிது: ஏறத்தாழ 30 கிலோ இழந்தவரும் உண்டு, 10 கிலோ ஏறியவரும் உண்டு. அதாவது குழுவுக்குக் குழு இருந்த வித்தியாசத்தைவிட, ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசமே பெரிது.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அதன் முடிவைவிட, ‘லோ’வை அவர்கள் கண்டுபிடித்த முறை. முதல் இரண்டு மாதத்துக்குள் எல்லோரும் தங்களுக்குரிய சத்தை நாளுக்கு 20 கிராம் வரை இறக்கப் பார்த்தார்கள். பிறகு வாரத்துக்கு 5 முதல் 15 கிராம் வீதம் சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்த்து, காலமெல்லாம் இப்படியே உண்ண முடியும் என்று தோன்றும் மிகக் குறைந்த அளவில் நின்றார்கள். ஆண்டு முடிவில் லோ கார்ப் குழுவின் சராசரி 132 கிராம் மாவுச்சத்து, லோ ஃபேட் குழுவின் சராசரி 57 கிராம் கொழுப்பு. 20 கிராமில் பெரும்பாலோரால் வாழ முடியவில்லை. ஒருவரால் நீடித்துக் கடைப்பிடிக்க முடிந்த அளவே அவருக்கான ‘லோ’.

இதை நம் சாப்பாட்டில் போட்டுப் பார்ப்போம். அலுவலகம் போகும் ஒருவரின் நாள் என்று வையுங்கள். எல்லாம் தோராயக் கணக்குதான். காலையில் 4 இட்லி, 40 கிராம் மாவுச்சத்து. மதியம் 300 கிராம் சோறு, 84 கிராம். சர்க்கரை போட்ட இரண்டு டீ 20, நான்கு பிஸ்கட் 20, இரவு மூன்று தோசை 60. சாம்பார், காய், பால் சேர்ந்து இன்னொரு 35. மொத்தம் ஏறக்குறைய 260 கிராம். இவர் சோற்றைப் பாதியாக்கி, டீயில் சர்க்கரையை விட்டு, பிஸ்கட்டை நிறுத்தி, மூன்று தோசையை ஒன்றாக்கினால் 122 கிராம் குறையும். மிச்சம் 138. கலோரியில் ஏறத்தாழ 490 குறைகிறது.

அதே ஆளின் கொழுப்பைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம். தேங்காய்ச் சட்னி 10, ஆறு சதவீதக் கொழுப்புள்ள பால் 300 மில்லியில் 18, மாலை இரண்டு வடை 12, ஒரு கை மிக்சர் 10, மற்றவை 10. ஆக 90 கிராம். எண்ணெயை இரண்டு லிட்டராக்கி, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பெரும்பாலும் தக்காளிச் சட்னி அரைத்து, மூன்று சதவீதப் பாலுக்கு மாறி, வடையையும் மிக்சரையும் விட்டால் 54 கிராம் குறையும். கலோரியில் அதுவும் 490-ஐ ஒட்டித்தான் வருகிறது. பசிக்கு முட்டையோ சுண்டலோ சேர்த்தால் அதில் கொஞ்சம் திரும்பும், அது பரவாயில்லை. புரதம் குறையாமல் இருக்க அது தேவையும்கூட.

எனவே தேர்வு உங்கள் வீட்டைப் பொறுத்தது. நாளுக்கு 490 கலோரி எங்கே வலிக்காமல் கிடைக்கும் என்று பாருங்கள். இரண்டு பட்டியலில் எதைப் படிக்கும்போது ‘இதை விட முடியாது’ என்று தோன்றியது? தயிர்சோறு இல்லாமல் நாள் முடியாது என்பவர் எண்ணெயிலும் பலகாரத்திலும் கை வைக்கட்டும். மீன் வறுவலும் முட்டையும் தேங்காய் அரைத்த குழம்பும் வேண்டும், சோறு கொஞ்சம் போதும் என்பவருக்கு மற்றது. அடுப்படி யார் கையில் என்பதும் முக்கியம். லோ ஃபேட் குடும்பத்தின் சமையலையே மாற்றச் சொல்கிறது, சமைப்பவர் சம்மதிக்காமல் நடக்காது. லோ கார்ப் பெரும்பாலும் உங்கள் தட்டில் விழும் அளவோடு முடிகிறது. விடுதியிலும் மெஸ்ஸிலும் சாப்பிடுபவருக்கு எண்ணெய் அளவு தெரியவே தெரியாது, ஆனால் சோற்றைக் குறைத்து வாங்க முடியும். மூன்றாவது, பசி. சிலருக்கு இட்லி மட்டும் தின்றால் பதினோரு மணிக்கே வயிறு கேட்கும்; சிலருக்குச் சோறு குறைந்த நாளில் இரவு தூக்கம் வராது. மூன்று வாரம் ஒன்றைச் செய்து பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அந்த மூன்று வாரத்தில் தராசு ஒருவிதமாக ஏமாற்றும். மாவுச்சத்தைக் குறைத்தால் தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து குறைகிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த நீரும் வெளியேறும். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது என்று மகிழ்வதும், ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு ஒன்றரைக் கிலோ ஏறியது என்று மனம் உடைவதும் பெரும்பாலும் இந்த நீர்தான். ஒரு கிலோ நிணத்தில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 490 குறைத்தால் தொடக்கத்தில் ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 16 நாள் ஆகும், போகப் போக வேகம் குறையும். ஒரு நாள் எடையை விட்டுவிட்டு வாரச் சராசரியையும் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் குறித்து வையுங்கள். நான்கு வாரம் இரண்டும் அசையவில்லை என்றால் எங்கோ ஈடுகட்டப்படுகிறது. லோ கார்பில் அது பெரும்பாலும் முந்திரியும் நெய்யும்: 50 கிராம் முந்திரியில் ஏறத்தாழ 290 கலோரி, குறைத்த அரைத் தட்டுச் சோற்றில் 195 தான். லோ ஃபேட்டில் அது கூடுதலாகப் போட்ட சோறும், ‘கொழுப்பில்லை’ என்று அச்சடித்த இனிப்பும்.

சிலர் தாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவருக்குக் கீட்டோ அளவுக்கு இறங்குவது, இரத்தத்தில் அமிலம் ஏறும் தனி ஆபத்தைக் கொண்டுவரலாம். மறுபக்கம், கொழுப்பை அறவே விட்டு வேகமாக எடை குறைப்பவருக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. டயட்ஃபிட்ஸில் லோ ஃபேட் குழுவுக்கு எல்.டி.எல். கொலஸ்டிரால் சற்று நன்றாக இருந்தது, லோ கார்ப் குழுவுக்கு டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு சற்று நன்றாக இருந்தது. உங்கள் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இவற்றில் ஒன்று உயர்ந்திருந்தால், மற்றவை சமமாக இருக்கும்போது அதைப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால் சரியாகத்தான் போகிறோமா என்று தெரியும்.