ஒரே விடைக்கு 1, அதே விடைக்கு 7

பள்ளி மாணவர்களுக்கான ஒரு கணிதப் போட்டியில் தலைமைத் திருத்துநராக இருந்தபோது, ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. இருவர் தனித்தனியே திருத்திய தாள். ஒருவர் 1 போட்டிருந்தார், மற்றவர் 7 போட்டிருந்தார். அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண்ணே 7 தான். இருவரும் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். இருவரும் அவசரப்படவில்லை, அசட்டையாகவும் இல்லை. தவறு எங்கே என்று தேடிப் போனால், அது நாங்கள் தயாரித்த விடைக்குறிப்பில் இருந்தது.

கணக்கு இதுதான்: n² + 15 ஒரு முழு வர்க்கமாக அமையும் மிகை முழு எண்கள் n எல்லாவற்றையும் கண்டுபிடி. அவற்றைத் தவிர வேறு இல்லை என்றும் நிறுவு.

எங்கள் விடைக்குறிப்பு வழக்கமான பாதையில் போனது. n² + 15 = m² என்று எடுத்துக்கொண்டால் (m − n)(m + n) = 15. பதினைந்தை இரு காரணிகளாக 1 × 15, 3 × 5 என்று மட்டுமே பிரிக்க முடியும். முதலாவது n = 7 தரும், இரண்டாவது n = 1 தரும். இரண்டு விடைகளையும் சொன்னால் 1, சமன்பாடு அமைத்தால் 1, காரணிப்படுத்தினால் 2, இரண்டு காரணி இணைகளையும் எடுத்தால் 2, தீர்த்து முடித்தால் 1. மொத்தம் 7. பார்க்கக் கச்சிதமாகத்தான் இருந்தது.

அந்தத் தாளில் காரணிப்படுத்துதலே இல்லை. n = 1 முதல் 10 வரை ஓர் அட்டவணை. பக்கத்தில் ஒவ்வொரு வர்க்கத்திலிருந்தும் அடுத்த வர்க்கத்துக்கு எவ்வளவு தூரம் என்று 3, 5, 7, 9 என எழுதியிருந்தது. கீழே இரண்டு வரி: “8ல் இருந்து அடுத்த வர்க்கத்துக்குப் போக 17 வேண்டும். தூரம் கூடிக்கொண்டேதான் போகும். 15 கூட்டினால் போதாது. அதனால் 1, 7 மட்டும்.”

முதல் திருத்துநர் விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேடினார். சமன்பாடு இல்லை, காரணி இல்லை, விடை மட்டும் சரி. ஆகவே 1. இரண்டாமவர் அந்த இரண்டு வரிகளை நின்று படித்தார். n² க்கும் (n + 1)² க்கும் இடையே உள்ள தூரம் 2n + 1. n எட்டோ அதற்கு மேலோ இருந்தால் அது குறைந்தது 17. ஆகவே n² + 15 அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், தானே வர்க்கமாக முடியாது. மிச்சம் ஏழு எண்களைச் சோதித்தால் போதும், அதை அட்டவணை செய்துவிட்டது. இது முழுமையான நிறுவல். என் பார்வையில் எங்கள் மாதிரி விடையைவிட அழகானதும்கூட.

ஆனால் அதே கட்டில் இன்னொரு தாளும் இருந்தது. அதிலும் அட்டவணை, அதுவும் 20 வரை. அடியில் “இதற்கு மேல் வரவில்லை, எனவே 1, 7” என்று முடிந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. சொல்லப்போனால் இது இன்னும் நீளமான உழைப்பு. இருந்தும் 20க்கு மேல் ஏன் வராது என்பதற்கு இதில் ஒரு சொல்கூட இல்லை. இதற்கு 1 மதிப்பெண்தான் நியாயம். ஒன்றுக்கு 7, மற்றொன்றுக்கு 1 என்று பிரிப்பது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதுதான் திருத்துநரின் வேலை. விடைக்குறிப்பில் அதற்கு இடமே இல்லையென்றால் அவர் அதைத் தேட மாட்டார்.

1க்கும் 7க்கும் நடுவே 4 போட்டுவிடலாமே என்று அன்று ஒருவர் கேட்டார். சராசரி எடுப்பது சமாதானமாகத் தோன்றும். ஆனால் அந்த விடை 4 பெறத்தக்கது என்று அறையில் இருந்த யாருமே நம்பவில்லை. நிறுவல் சரியென்றால் 7, சரியில்லையென்றால் 1. இருவருக்கும் 1 மதிப்பெண் வேறுபட்டால் அவர்களே பேசி முடிவு செய்யட்டும், 2 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாமவர் முந்தைய மதிப்பெண்களைப் பார்க்காமல் படிக்கட்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டோம். இதற்காகவே மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல் தனிச் சீட்டில் எழுதுகிறோம். முதல் திருத்துநரின் சிவப்புக் கோடுகள் தாளில் இருந்தால் இரண்டாமவர் கணக்கைப் படிப்பதில்லை, கோடுகளைத்தான் படிக்கிறார்.

கணிதத்தில் விடை சரி அல்லது தவறு, இதில் கருத்து வேறுபாட்டுக்கு எங்கே இடம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. 1913ல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 30க்கும் கீழிருந்து 90க்கும் மேல் வரை மதிப்பெண்கள் வந்தன. படிகளுக்கு எவ்வளவு, விளக்கத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. அதைத் திருத்தம் தொடங்கும் முன்பே வெளியே கொண்டுவந்து பேசாவிட்டால், அது தாளின் மேல் மதிப்பெண்ணாக இறங்கும்.

சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஆறு கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். அங்கே போட்டி நடத்துவோர் நியமிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் தாளைப் படிப்பார்கள். மாணவரின் நாட்டு அணித் தலைவரும் படிப்பார். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி மதிப்பெண்ணை ஒத்துக்கொள்ள வேண்டும். “இந்த வரியில் என் மாணவர் இதைத்தான் சொல்கிறார்” என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் உண்டு. பள்ளிப் போட்டியில் எழுதும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. அந்தப் பொறுப்பும் திருத்துநர்கள்மேல்தான் விழுகிறது.

அன்று நாங்கள் செய்தது இது. திருத்தத்தை நிறுத்தினோம். கட்டுகளிலிருந்து 20 தாள்களை எடுத்து எல்லோரும் தனித்தனியே படித்து, பிறகு ஒப்பிட்டோம். விடைக்குறிப்பில் இரண்டாவது பாதையைச் சேர்த்தோம்: இரண்டு விடைகளுக்கு 1, அடுத்த வர்க்கத்துக்கான தூரத்தோடு 15ஐ ஒப்பிட்டால் 2, அந்தத் தூரம் வளர்வதால் 8 முதல் எதுவும் வராது என்று முடித்தால் 3, மிச்ச எண்களைச் சோதித்ததற்கு 1. ஒரு மாணவர் இரண்டு பாதையிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது, எது அதிகமோ அதை மட்டும் தர வேண்டும். இல்லையென்றால் எதையும் முடிக்காத ஒருவர், ஒன்றை உருப்படியாகப் பாதிவரை கொண்டுபோனவரை முந்திவிடுவார்.

“தூரம் கூடிக்கொண்டே போகும்” என்பதற்கு நிறுவல் வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, அரை மணி நேரம் அதிலேயே போனது. அடுத்தடுத்த வர்க்கங்களின் வித்தியாசம் ஒற்றை எண் வரிசை என்பது அந்த வகுப்பு மாணவர்களுக்குத் தெரிந்த உண்மை, 3, 5, 7 என்று அதை எழுதியும் காட்டியிருக்கிறார், ஆகவே ஏற்கலாம் என்று முடிவெடுத்தோம். கடுமையான முடிவும் எடுத்திருக்கலாம், 6 தந்திருக்கலாம். எந்த முடிவானாலும் அது ஒரு நோட்டில் எழுதப்பட்டு எல்லாத் தாளுக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். எனவே ஏற்கெனவே திருத்தி முடித்த கட்டுகளை மறுபடி பிரித்தோம்.

பிரித்ததில் இதே பாதையில் போன இன்னும் மூன்று தாள்கள் கிடைத்தன. மூன்றிலும் முதல் சுற்றில் 1 போட்டிருந்தது. இரண்டு பேரின் சீட்டிலும் ஒரே 1 இருந்ததால், அவை என் மேசைக்கு வரவே இல்லை.