மக்கள்வாதம்: இலவச மிக்சியோடு இந்தச் சொல்லுக்கு என்ன உறவு?

பட்ஜெட் வந்தால் நம் நாளிதழ்களில் ‘ஜனரஞ்சக பட்ஜெட்’ என்ற தலைப்பும் கூடவே வந்துவிடும். வரி ஏறவில்லை, சலுகை கூடியிருக்கிறது என்று பொருள். கடன் தள்ளுபடி, இலவச மிக்சி எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும். பாப்புலிசம், தமிழில் மக்கள்வாதம், என்ற சொல்லுக்கு நாம் பழகிய பொருள் இதுதான். ஆனால் அரசியல் அறிஞர்கள் பலர் இன்று அந்தச் சொல்லை எடுக்கும்போது, தலைவர் என்ன கொடுத்தார் என்று பார்ப்பதில்லை. எப்படிப் பேசினார் என்று பார்க்கிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் மக்களைக் குறிக்கும் ‘பாப்புலுஸ்’. அரசியல் பெயரானது அமெரிக்காவில். விளைபொருள் விலை சரிந்து, ரயில் கட்டணத்திலும் கடனிலும் நொடித்துப்போன விவசாயிகள் திரண்டு ‘மக்கள் கட்சி’ தொடங்கினார்கள். அவர்களைப் பாப்புலிஸ்ட் என்றார்கள். 1892 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரில் அக்கட்சி ஏற்ற அறிக்கை, லட்சக்கணக்கானோரின் உழைப்பு ஒரு சிலரின் பெருஞ்செல்வத்துக்காகத் துணிந்து களவாடப்படுகிறது என்றது. ஆட்சியை ‘எளிய மக்கள்’ கையில் மீண்டும் ஒப்படைப்போம் என்றது. பிற்கால வரையறை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களிலேயே கருக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அந்த வரையறையை 2004-இல் எழுதியவர் டச்சு அறிஞர் காஸ் முட்டே. சமூகம் ‘தூய மக்கள்’, ‘கெட்டுப்போன மேட்டுக்குடி’ என இரண்டே கூறுகளாகப் பிளந்து கிடக்கிறது; அரசியல் அந்த மக்களின் பொது விருப்பத்தை மட்டுமே சொல்ல வேண்டும் என்று நம்புவதே மக்கள்வாதம். இதை அவர் ‘மெல்லிய’ கருத்தியல் என்றார். சோஷலிசத்தைக் கேட்டால் சொத்து யாருக்கு, தொழிற்சாலை யாருக்கு என்பதற்கெல்லாம் பதில் கிடைக்கும். மக்கள்வாதத்திடம் அத்தனை சரக்கு இல்லை. எனவே அது இன்னொன்றின்மேல் படர்ந்தே வாழ்கிறது. வெனிசுவேலாவின் அதிபராக இருந்த ஊகோ சாவேஸிடம் சோஷலிசத்தின் மேலும், ஐரோப்பிய வலதுசாரிகளிடம் குடியேற்ற எதிர்ப்பின் மேலும் படர்ந்தது.

சரி, ஒரு பேச்சில் இது இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘மக்கள்’ என்ற சொல்லை எண்ணினால் ஏமாந்துபோவோம். மக்களால், மக்களுக்காக என்று 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் பேசிய லிங்கன் எந்த மேட்டுக்குடியையும் சாடவில்லை. ‘நாம்’, ‘நம்முடைய’ என்று மட்டும் சொல்லி மக்களைக் குறிப்பவர்களோ எண்ணிக்கையில் சிக்கவே மாட்டார்கள். அதனால்தான் சொற்பட்டியல் வைத்து அளப்பவர்கள் பெரும்பாலும் மேட்டுக்குடி எதிர்ப்பை மட்டுமே அளக்கிறார்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் கிர்க் ஹாக்கின்ஸ் வேறு வழி பார்த்தார். மாணவர் கட்டுரை திருத்தும் முறையைக் கடன் வாங்கினார். பயிற்சி பெற்ற வாசகர் உரை முழுவதையும் படித்து 0, 1, 2 என்று ஒரே மதிப்பெண் தருவார். ஒரு தலைவருக்குப் பிரசார உரை, திறப்பு விழா உரை, வெளிநாட்டு அரங்கில் பேசியது, புகழ்பெற்ற உரை என நான்கு எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். பிரசார மேடையை மட்டும் பார்த்தால் எல்லாத் தலைவரும் கொதிப்பவராகத்தான் தெரிவார். 2009-இல் ஹாக்கின்ஸ் வெளியிட்ட ஆய்வில் சாவேஸ் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார்.

இதை 2017 ஜனவரி 20 அன்று டொனால்ட் டிரம்ப் ஆற்றிய பதவியேற்பு உரையில் பொருத்திப் பார்ப்போம். தலைநகரில் ஒரு சிறு கூட்டம் ஆட்சியின் பலனை அனுபவித்தது, மக்கள் விலை கொடுத்தார்கள் என்கிறார். இரண்டு தரப்பும் வந்துவிட்டன. அதிகாரத்தை வாஷிங்டனிடமிருந்து எடுத்து உங்களிடம் தருகிறோம் என்கிறார். ஒமாஹா அறிக்கையின் அதே மீட்பு. அந்தக் கூட்டம் தன்னைக் காத்துக்கொண்டது, குடிமக்களைக் காக்கவில்லை என்பது அறம் சார்ந்த குற்றச்சாட்டு. இந்த மூன்றாவதைத்தான் வாசகர் உற்றுத் தேட வேண்டும். எதிர்த்தரப்பின் கொள்கை தவறு என்பது வெறும் வாதம்; எதிர்த்தரப்பே துரோகி என்னும்போதுதான் மதிப்பெண் ஏறுகிறது.

இனி தமிழ்ச் சொல். ‘ஜனரஞ்சகவாதம்’ எனக்கு உடன்பாடில்லை. ரஞ்சகம் என்றால் மகிழ்விப்பது. சாவேஸும் டிரம்பும் மகிழ்வித்ததைவிடச் சினமூட்டியதே அதிகம். ‘வெகுஜனவாதம்’ பரவாயில்லை, ஆனால் வெகுஜன இதழ், வெகுஜன ரசனை என்று அது வேறு திசைக்கு இழுக்கிறது. ‘மக்கள்வாதம்’ பாராட்டுப்போல ஒலிக்கிறதே என்பார்கள். ஒலிக்கட்டும், அந்த விவசாயிகளும் தங்கள் கட்சிக்கு மக்கள் பெயரைப் பெருமையோடுதானே வைத்தார்கள்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. லத்தீனின் பாப்புலுஸும் சாவேஸ் வாயில் ஓயாமல் வந்த ஸ்பானிய ‘புவெப்லோ’வும் ஒருமை, ஒரே உடல், ஒரே குரல். நம் ‘மக்கள்’ பன்மை. ‘மக்கள் கேட்கிறார்கள்’ என்றுதான் எழுத முடியும், ‘மக்கள் கேட்கிறது’ என்று எழுத முடியாது. மக்கள்வாதி மேடையில் மறைக்கப் பார்க்கும் பன்மையை, நாம் கொடுக்கும் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.