சொன்னேன்ல: அந்த 'ல' என்ன செய்கிறது?

எழுத்துநடை உரையாடலைப் பேச்சுநடைக்கு மாற்றுபவர்களை அதிகம் ஏமாற்றுவது வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'ல' அல்லது 'ல்ல'.

'சொன்னேன் அல்லவா' என்று எழுதுவதைப் பேச்சில் 'சொன்னேன் இல்லையா', 'சொன்னேன் இல்ல' என்கிறோம். அது இன்னும் தேய்ந்தால் 'சொன்னேன்ல'. வினா ஆகாரம் உதிர்ந்துவிட்டது. எதிர்மறைப் பொருளும் போய்விட்டது. மிஞ்சியிருப்பது 'இது உனக்கும் தெரியும்' என்று கேட்பவரைத் தொட்டுப் பேசும் குறிப்பு மட்டுமே.

'நான் நேற்றே கூறினேன்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 'நேத்தே சொன்னேன்' என்றால் வெறும் தகவல். 'நேத்தே சொன்னேனே' என்றால், சொன்னது எப்படிக் காதில் விழாமல் போனது என்ற திகைப்பு. தன் பக்க நியாயமும் அதில் இருக்கிறது. 'நேத்தே சொன்னேன்ல' என்றால் பழி எதிராளி மீது விழுகிறது: தெரிந்தும் ஏன் செய்யவில்லை? வினைச்சொல் ஒன்றுதான், ஆனால் மூன்று மனநிலைகள்.

அதே 'ல' வாக்கியத்தின் நடுவில் வந்தால் கோபம் இல்லை. 'நேத்து அவனைப் பார்த்தேன்ல, அப்ப ஒண்ணு சொன்னான்' என்பதில் அது தெரிந்த செய்தியை நினைவூட்டிக் கதையை நகர்த்துகிறது. கேட்பவர் 'ம்' கொட்ட ஓர் இடைவெளி, அவ்வளவுதான்.

பேச்சுவாடை வரட்டும் என்று இதை எல்லா வரியிலும் தூவுவதுதான் வழக்கமான பிழை. முதன்முதலாகச் சந்திப்பவரிடம் ஒரு பாத்திரம் 'எனக்குப் போன மாசம் கல்யாணம் ஆச்சுல்ல' என்று சொன்னால், அவர் 'எனக்கெப்படித் தெரியும்?' என்றுதான் விழிப்பார். கேட்பவருக்குப் புதிய செய்தியானால் 'ல' கூடாது. ஐயம் வந்தால் அந்த இடத்தில் 'அல்லவா' வைத்துப் பாருங்கள். 'வருவேன்ல' என்பதில் அது பொருந்தும். 'வரல' என்பதில் பொருந்தாது, அது 'வரவில்லை'. 'வீட்டுல' என்பதோ வேற்றுமை உருபு.

இத்தகைய சொற்களை மொழியியலார் 'டிஸ்கோர்ஸ் மார்க்கர்' என்பார்கள். தமிழில் 'கருத்தாடல் குறிப்பான்' என்று எழுதுகிறோம். ஆனால் வாக்கியக் கடைசியில் நின்று கேட்பவரை நோக்கும் இந்த வகைக்கு நம்மிடமே இன்னும் நெருக்கமான பெயர் இருக்கிறது. தொல்காப்பியத்தின் இடையியல் மியா, இக, மோ, மதி, இகும், சின் ஆகிய ஆறையும் 'முன்னிலை அசைச்சொல்' என்கிறது. கேண்மியா, மொழிமோ, உரைமதி என்பவற்றில் அவை முன்னிலையாரை நோக்கிய வினையோடு ஒட்டி நிற்கின்றன. 'சொன்னேன்ல' தன்மை வினை என்பதால் கேண்மியா, மொழிமோ, உரைமதி என்ற வரிசையில் சேராது. ஆனாலும் அதன் நோக்கு முன்னிலையார் மீதுதான். ஆகவே அந்தப் பெயரை 'ல'வுக்கும் விரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 'அசை' என்றதும் பொருளற்றது என்று எண்ணி வெட்டிவிடுபவர்கள், 'சொன்னேன்ல' என்பதிலிருந்து 'ல'வை நீக்கிவிட்டு அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.