சித்தப்பா கொடுத்தால் வரி இல்லை, சித்தப்பாவுக்குக் கொடுத்தால் உண்டு

"சொந்தத்துக்குள்ள கொடுத்தா வரி கிடையாது" என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வங்கிக் கவுண்டரிலும் அதையே சொல்வார்கள், பத்திரம் எழுதுகிறவரும் அதையே சொல்வார். அது பாதி உண்மை. மற்றப் பாதியால்தான் ஓய்வூதியத்தில் வாழ்கிற பெரியவர்களுக்கு லட்சக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வருகிறது. "கிடையாது" என்று சொன்னவர்கள் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை.

பின்னணி கொஞ்சம் போதும். இறந்தவர் சொத்துக்கு வாங்கிய எஸ்டேட் டியூட்டி 1985-லும், கொடுப்பவரிடம் வாங்கிய அன்பளிப்பு வரி 1998-லும் ஒழிந்தன. இப்போது இருப்பது வருமான வரி மட்டும். கொடுப்பவருக்கு ஒன்றுமில்லை, வாங்குபவரின் வருமானமாக அது சேரும். பழைய சட்டத்தில் இதற்கு 56(2)(x) என்று பெயர். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண் மாறினாலும் விதியின் அடிப்படை மாறவில்லை.

விதி இது. உறவுப் பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. ஆளுக்கு 50,000 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எல்லோரும் கொடுத்ததையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்பதும் தவறு. 49,000 வந்தால் வரி இல்லை, 51,000 வந்தால் 51,000-மும் வருமானம்.

பட்டியலில் இருப்பவர் கொடுத்தால் எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை வாங்குபவரின் இடத்தில் நின்று படிக்க வேண்டும். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குப் பணம் வருகிறது என்றால் என் மனைவி, என் கூடப்பிறந்தவர்கள், மனைவியின் கூடப்பிறந்தவர்கள், என் அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், என் வழியிலும் மனைவி வழியிலும் நேர் மேலே பெற்றோர், ஐயா, ஆயா, நேர் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அப்புறம் இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவிமார். வாங்குபவர் பெண் என்றால் மனைவி என்ற இடத்தில் கணவனை வைத்துப் படிக்கலாம். பட்டியல் இதோடு முடிகிறது.

சித்தப்பா என் அப்பாவின் கூடப்பிறந்தவர், பட்டியலில் இருக்கிறார். அவர் எனக்கு ஒரு கோடி கொடுத்தாலும் வரி இல்லை. நான் அவருக்குக் கொடுத்தால், அவர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் அவருக்கு அண்ணன் மகன். அண்ணன் பட்டியலில் உண்டு, அண்ணன் மகன் இல்லை. அம்மான் தன் சகோதரி மகனான மருமகனுக்குக் கொடுக்கலாம், அந்த மருமகன் வளர்ந்து வேலைக்குப் போய் அம்மானுக்குக் கொடுத்தால் வரி. பெரியப்பா மகன், அத்தை மகள் எந்தத் திசையிலும் இல்லை. சம்பந்தி இல்லை. சகலை உண்டு, ஏனென்றால் அவர் மனைவியின் சகோதரியின் கணவர். சகலையைச் சேர்த்துவிட்டு அண்ணன் மகனை வெளியே நிறுத்தியதற்கு என்ன காரணமோ, எழுதியவர்களுக்குத்தான் வெளிச்சம்.

செட்டிநாட்டில் இது அடிக்கடி இடிக்கும் இடம் வீட்டு மராமத்து. வீடு பல பங்காளிகளுக்குச் சொந்தம், ஊரில் இருப்பது ஒருவர், சம்பாதிக்கிற பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்யாணம் ஆகாதவர். நிலைக்கழிவு 75,000 போக ஓய்வூதிய வருமானம் ஆண்டுக்கு 5 லட்சம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகன், முகப்பும் ஓடும் பழுது பார்க்க அவர் கணக்குக்கு 15 லட்சம் அனுப்புகிறார். வங்கிப் படிவத்தில் "குடும்பப் பராமரிப்பு" என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் வரி போய்விடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. அந்தக் கட்டம் வங்கியின் கணக்குக்காக, வரிச் சட்டம் அதைப் பார்த்து விலக்குத் தராது.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி அவருடைய வருமானம் இப்போது 20 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20 சதவீதம். அதாவது 20,000, 40,000, 60,000, 80,000. கூட்டினால் 2 லட்சம், செஸ் 4 சதவீதம் சேர்த்து 2,08,000 ரூபாய். அந்தப் பணம் வராமல் இருந்தால் அவருக்கு வரியே இல்லை. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். 15 லட்சத்துக்குப் பதில் 6 லட்சம் வந்திருந்தால் மொத்தம் 11 லட்சம், வரி கட்ட வேண்டாம். ஆனால் ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். வரி வராது என்று காட்டாமல் விட்டால் பிறகு அதற்கே விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, இதை முன்பே யோசித்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? அந்தப் பையனுக்கும் வீட்டில் பங்கு இருந்தால் அவர் பங்குக்கான செலவைத் தன் கணக்கிலிருந்து நேரே கொத்தனாருக்கும் தச்சருக்கும் மரக்கடைக்கும் கொடுத்திருக்கலாம். தன் சொத்தைப் பழுது பார்ப்பது யாருக்கும் கொடுக்கும் அன்பளிப்பு ஆகாது. பில்லும் ரசீதும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு வழியை ஆடிட்டர்கள் சொல்வார்கள். மகன் அப்பாவுக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை, அண்ணன் தம்பிக்குக் கொடுப்பதற்கும் இல்லை, ஆகவே அப்பா வழியாகக் கொடுங்கள் என்பார்கள். இரண்டும் உண்மையான அன்பளிப்பாக இருந்தால் சரி. காலையில் அண்ணன் கணக்குக்கு வந்து மாலையில் அதே தொகை தம்பி கணக்குக்குப் போனால், அண்ணன் வெறும் குழாய் என்று அதிகாரி சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். அண்ணனுக்கு வந்த பணம் அண்ணனுடையது, அவர் விரும்பினால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அந்த நிலை இல்லாவிட்டால் இந்த வழியில் போகாதீர்கள்.

இப்போது திசையை மாற்றுவோம். அதே சித்தப்பா தன் வீட்டுப் பங்கை அண்ணன் மகனுக்கு எழுதி வைக்க நினைக்கிறார். வருமான வரி இல்லை என்று பார்த்தோம். நிம்மதியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் அங்கே வேறு பட்டியல். முத்திரைத் தீர்வைக்குக் குடும்பம் என்றால் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள். அண்ணன் உயிரோடு இருக்கையில் அவர் மகன் குடும்பம் இல்லை. பங்கின் மதிப்பு 40 லட்சம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3,60,000. இதையே அண்ணனுக்கு எழுதினால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. மொத்தம் 50,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை, பழைய ரேட்டை நம்பிப் பணம் கொண்டுபோகாதீர்கள். மதிப்பில் மனை மட்டும் இல்லை, கட்டடமும் சேரும்.

அண்ணனுக்கு எழுதி அவர் மகனுக்கு எழுதினால் இரண்டு முறை 50,000, அப்போதும் லாபம்தான். ஆனால் இடையில் அண்ணன் காலமாகிவிட்டால் பங்கு அவருடைய எல்லா வாரிசுகளுக்கும் போகும். சித்தப்பா யாருக்குக் கொடுக்க நினைத்தாரோ அவருக்கு ஒரு துண்டுதான் மிஞ்சும்.

அவசரம் இல்லையென்றால் உயில் எழுதுவது நல்லது. உயில் வழியாகவோ வாரிசு முறையிலோ வருவதற்கு வருமான வரி கிடையாது. அங்கே உறவுப் பட்டியலும் இல்லை, 50,000 வரம்பும் இல்லை. பட்டியலில் இல்லாத அண்ணன் மகன் தன் சொத்தைச் சித்தப்பாவுக்கு உயில் எழுதினாலும் வரி இல்லை. உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள், பட்டா மாற்றப் போகும்போது கேள்விகள் குறையும். உயில் இல்லாமல் கல்யாணமாகாத அந்தச் சித்தப்பா காலமானால், பெற்றோரும் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கூடப்பிறந்தவர்களுக்குத்தான் போகும். அண்ணன் மகன் அதற்கும் பின்னால் நிற்கிறார். வங்கியில் நாமினியாகப் பெயர் இருக்கிறது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், நாமினி பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே.

மொய்யில் ஒரு பொறி இருக்கிறது. கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு, கொடுத்தவர் யாராக இருந்தாலும், வரி இல்லை. ஆனால் அது மணமக்களுக்கு மட்டும். மாப்பிள்ளையின் அப்பச்சி கணக்கில் போட்ட பணத்துக்கு இந்த விலக்கு கிடையாது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பெயரில்தான் கல்யாணம். அந்தச் சாந்திக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் வெளியார் வைத்த மொய் 50,000 கணக்கில் சேரும்.

கடைசியாகக் காகிதம். உறவுக்குள் கொடுத்ததுதான் என்று நிரூபிப்பது வாங்கியவர் பொறுப்பு. அன்பளிப்புக் கடிதம், கொடுத்தவரின் பான், அவர் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் வங்கி அறிக்கை, அவருக்கு அவ்வளவு வருமானம் இருந்தது என்பதற்கு ஆதாரம், உறவுக்குச் சான்று ஆகியவை வேண்டும். நம் பக்கம் சான்றில்தான் சிக்கல். அண்ணன் பழைய பத்திரத்தில் பாட்டன் பூட்டன் இனிஷியலோடு இருப்பார், தம்பியின் பானில் அப்பா பெயர் மட்டும் விரிந்து இருக்கும். இருவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று கணினி முன் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதன் நகலைச் சேருங்கள். அதில் இரண்டு பேரும் இன்னாரின் குமாரர்கள் என்று எழுதியிருக்கும்.

ரொக்கமாக வாங்காதீர்கள். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால், கொடுத்தவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. நோட்டீஸ் இப்போது தபாலுக்குக் காத்திருப்பதில்லை, incometax.gov.in தளத்தில் e-Proceedings பகுதியில் வந்து கிடக்கும். பெரியவர்களின் கணக்கில் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்துப் பையனின் கைபேசி எண்தான் பதிவாகியிருக்கும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள், பதில் சொல்லக் கொடுக்கும் கெடு அந்தப் பையன் பார்க்கும்வரை நிற்காது.